இலவசப் பெட்டியா, கட்டணமா? ஒரு பொடி வியாபாரத்தின் இரண்டு சுற்றுகள்

திண்டுக்கல் பக்கம் அக்காவும் தங்கையும் சேர்ந்து நடத்தும் வீட்டுத் தொழில் இது. இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி மூன்றையும் 200 கிராம் பாக்கெட்டுகளாக ஒரே பெட்டியில் போட்டு, கூரியர் செலவு உட்பட 450 ரூபாய்க்குத் தமிழ்நாட்டுக்குள் அனுப்புகிறார்கள். ஆர்டர் பெரும்பாலும் இன்ஸ்டாகிராமில் பார்த்து வாட்ஸாப்பில் வரும். நான் அவர்களுடைய ஆன்லைன் விற்பனைக் கணக்கைப் பார்த்துக்கொள்பவன். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பிராண்டின் பெயரைச் சொல்லவில்லை. தொகைகளைப் படிக்க வசதியாக முழு எண்களாக்கியிருக்கிறேன்.

உள்ளூர் கிரியேட்டர்களை வைத்து இவர்கள் இரண்டு சுற்று விளம்பரம் செய்தார்கள். முதல் சுற்றில் பொருள் மட்டும் கொடுத்தார்கள். இரண்டாவதில் கட்டணமும் கொடுத்தார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிந்தது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு பெட்டியில் என்ன மிஞ்சுகிறது

கிரியேட்டருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்ற கேள்விக்கு விடை கிரியேட்டரிடம் இல்லை, நம் பெட்டியில் இருக்கிறது. 450 ரூபாயில் பருப்பு, மிளகாய், கறிவேப்பிலை, எண்ணெய், அரைவைக் கூலி, ஆள் கூலி எல்லாம் சேர்ந்து 190 ரூபாய். பவுச், லேபிள், அட்டைப்பெட்டிக்கு 30. கூரியருக்கு 60. பணம் வாங்கும் வழியில் போவது 10. மிச்சம் 160 ரூபாய். இதில் வாடகையோ மின்கட்டணமோ சகோதரிகளின் சம்பளமோ சேரவில்லை.

ஆக, ஒரு புதிய வாடிக்கையாளரைக் கொண்டுவர 160 ரூபாய்க்கு மேல் செலவானால் முதல் ஆர்டரில் நஷ்டம். அவர் திரும்ப வாங்கினால்தான் ஈடுகட்டும். இந்த ஒரு எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் கிரியேட்டரிடம் பேசப் போனால், அவர் கேட்பது அதிகமா குறைவா என்று சொல்ல வழியே இல்லை.

இன்னொன்று, எந்த ஆர்டர் யாரால் வந்தது என்று தெரிய வேண்டும். கூப்பன் கோடு கொடுத்தார்கள். ஆனால் வாட்ஸாப்பில் ஆர்டர் போடுபவர்களில் பலர் கோடு சொல்வதில்லை. அதனால் ஒவ்வொரு கிரியேட்டருக்கும் தனி வாட்ஸாப் லிங்க் போட்டுக் கொடுத்தோம். அதைத் தொட்டால் செய்திப் பெட்டியில் அந்தக் கிரியேட்டரின் கோடு தானாக வந்து நிற்கும்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=LUNCH
```

இதுவும் முழுமையானது இல்லை. சிலர் அதை அழித்துவிட்டு "பொடி வேணும்" என்று எழுதுவார்கள். அவர்களிடம் இளையவர் "எங்கே பார்த்தீங்க?" என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். அந்த நோட்டுதான் கடைசியில் அதிகம் உதவியது.

இலவசச் சுற்று

இருபது பேருக்குப் பெட்டி போனது. "பிடிச்சிருந்தா உங்க பேஜ்ல போடுங்க" என்பது மட்டும்தான் கோரிக்கை. ஒரு பெட்டிக்குக் கையிலிருந்து போனது 280 ரூபாய், ஆக மொத்தம் 5,600.

ஒன்பது பேர் எதுவும் போடவில்லை. ஏழு பேர் ஸ்டோரி மட்டும் போட்டார்கள், அது 24 மணி நேரத்தில் மறைந்துவிட்டது. நான்கு பேர் ரீல் போட்டார்கள். வந்த ஆர்டர் 13. மிஞ்சிய பணம் 2,080 ரூபாய். முகவரி வாங்க, பெட்டி சேர்ந்ததா என்று கேட்க, பிறகு தயங்கித் தயங்கி நினைவூட்ட என்று இளையவர் செலவழித்த நேரம் இந்தக் கணக்கில் இல்லை.

13 ஆர்டரில் எட்டு ஒரே ஒருவரால் வந்தது. பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு கட்டுவதைத் தினமும் படம் பிடித்துப் போடும் ஒரு திண்டுக்கல் பெண். அவருக்கு ஃபாலோயர் ஒன்பதாயிரம் பேர்தான். எண்பதாயிரம் பேர் வைத்திருந்த ஒரு காமெடி பேஜ் மூலம் ஒரு ஆர்டர்கூட வரவில்லை. அந்தப் பேஜின் ரீலின் கீழே சிரிப்பு எமோஜிகளும் "தல மாஸ்" என்ற கமெண்டுகளும் இருந்தன. மதியச் சாப்பாட்டுப் பெண்ணின் ரீலின் கீழே "இதுல பூண்டு இருக்கா?", "மதுரைக்கு அனுப்புவீங்களா?" என்று கேட்டிருந்தார்கள். வாங்கும் எண்ணம் உள்ளவர்கள் கேட்கும் கேள்வி அது. பழைய பதிவுகளின் கமெண்டைப் படித்தாலே இந்த வித்தியாசம் தெரிந்துவிடும். இதற்குக் காசு செலவில்லை.

ரீல் போட்ட நான்கு பேரில் ஒருவர் எங்களைக் கவலையில் ஆழ்த்தினார். நல்ல மனதோடுதான் பேசினார். ஆனால் "கறிவேப்பிலைப் பொடி தினமும் சாப்பிட்டா சுகர் குறையும், சர்க்கரை நோயாளிகள் தாராளமா சாப்பிடலாம்" என்று சொல்லிவிட்டார். உணவுப் பொருளுக்கு இப்படிச் சொல்லவே கூடாது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம், 2006-இன் 53-ஆவது பிரிவு, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் கொடுக்கிறது. அந்தப் பேச்சை நம்பி யாராவது மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன ஆவது என்ற கவலை மூத்தவருக்கு அதைவிடப் பெரிதாக இருந்தது. எழுத்தில் எந்த ஒப்பந்தமும் இல்லாததால் நீக்கச் சொல்லும் உரிமையும் கையில் இல்லை. வேண்டிக் கேட்டுத்தான் நீக்கச் சொன்னார்கள். இன்ஸ்டாகிராமில் போட்ட வீடியோவை மாற்ற முடியாது, மொத்தமாக அழிக்கத்தான் வேண்டும். லைக்கெல்லாம் போய்விட்டதே என்று அவருக்கும் வருத்தம்.

இன்னொரு நல்ல ரீலுக்குப் பின்னணியில் சினிமாப் பாட்டு ஓடியது. வீடியோ அழகாக இருந்ததால் அதற்குக் கொஞ்சம் பணம் கட்டி இன்னும் பலருக்குக் காட்டலாம் என்று முயன்றோம். முடியவில்லை. காப்புரிமை உள்ள பாட்டு சேர்ந்த ரீலை இன்ஸ்டாகிராம் பூஸ்ட் செய்ய விடாது. வேறொருவர் பருப்புப் பொடி தீர்ந்துபோயிருந்த வாரத்தில் அதைப் பற்றிப் போட்டார். எப்போது போடுவார் என்று கேட்கும் நிலையில் நாம் இல்லை.

இவ்வளவு சொன்னாலும் இலவசச் சுற்று வீண் என்று நான் நினைக்கவில்லை. எதுவும் போடாத ஒன்பது பேரில் இரண்டு பேர் தனியாக எழுதியிருந்தார்கள். ஒருவர், கறிவேப்பிலைப் பொடி லேசாகக் கசக்கிறது என்றார். மற்றவர், பவுச்சின் அடியில் எண்ணெய் கசிந்து லேபிள் ஊறிவிட்டது என்று படத்துடன் காட்டினார். இலையை நிழலில் இன்னும் கொஞ்சம் காயவைத்து, வறுக்கும் சூட்டைக் குறைத்தார்கள். பவுச்சையும் மாற்றினார்கள். பணம் வாங்கியிருந்தால் அந்த இருவரும் இதைச் சொல்லியிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான். கசப்பான பொடிக்குக் கட்டணம் கொடுத்து ஆயிரக்கணக்கானவர்களிடம் காட்டியிருந்தால் வாங்கியவர்கள் திரும்பி வந்திருக்க மாட்டார்கள்.

கிரியேட்டர் பக்கத்திலிருந்து

அந்த மதியச் சாப்பாட்டுப் பெண்ணை மூத்தவர் ஃபோனில் அழைத்து, இன்னொரு ரீல் போட முடியுமா, வேறு பெட்டி அனுப்புகிறோம் என்று கேட்டார். அவர் மரியாதையாகத்தான் சொன்னார்: "அக்கா, பொடி நல்லா இருந்துச்சு, அதனாலதான் போட்டேன். ஆனா ஒரு ரீல் எடுத்து, வெட்டி, பேசிப் போட எனக்கு ஒரு மத்தியானம் முழுசா போயிடும். பொடி ஏற்கனவே வீட்ல இருக்குக்கா."

இதில் மறுத்துப் பேச ஒன்றுமில்லை. நமக்கு 280 ரூபாய் செலவாகும் பெட்டி, அவருக்கு இரண்டாம் தடவை வந்தால் மதிப்பில்லாதது. பொடிக்கு இப்படி, ஆனால் ஆயிரக்கணக்கில் விலையுள்ள சேலையை வைத்துப் பேசும் பிராண்டுகளுக்குக் கணக்கு வேறு. அங்கே பொருளே கிரியேட்டருக்கு ஒரு கூலியாக இருக்கலாம். விலை குறைந்த உணவுப் பொருளில் அது நடக்காது. ஒருவரின் உழைப்பும், அவர் பேச்சை நம்பும் ஆயிரம் வீடுகளும் வேண்டும், ஆனால் 450 ரூபாய்ப் பெட்டிதான் தருவோம் என்பது நியாயமாக எனக்குப் படவில்லை. "கொலாப் பண்ணலாமா" என்று தினமும் இப்படிச் செய்திகள் வருவதாக அவர் சொன்னார்.

கட்டணச் சுற்று

இரண்டாவது சுற்றுக்கு நான்கு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். மதியச் சாப்பாட்டுப் பெண்ணுக்கு 4,000 ரூபாய். வீட்டு வாழ்க்கையைப் படம்பிடித்துப் போடும் ஒரு மதுரைத் தம்பதிக்கு 6,000. யூடியூபில் நீளமான சமையல் வீடியோ போடும் ஓர் இல்லத்தரசிக்கு 3,000. ஊர் ஊராகச் சென்று ஓட்டல்களைப் பற்றிப் பேசும் ஒருவருக்கு 12,000. அவருக்கு ஃபாலோயர் 1.2 லட்சம்.

பேசி முடித்ததும் மூத்தவர் ஒவ்வொருவருக்கும் வாட்ஸாப்பில் ஒரு செய்தி அனுப்பி, "சரி" என்ற பதிலை வாங்கிக்கொண்டார். தனி வக்கீல் பத்திரமெல்லாம் கிடையாது. செய்தி ஏறக்குறைய இப்படி இருந்தது:

"ஒரு ரீல், இரண்டு ஸ்டோரி. ஜூன் முதல் வாரத்துக்குள் போட வேண்டும். குறைந்தது ஆறு மாதம் பேஜில் இருக்க வேண்டும். சினிமாப் பாட்டு வேண்டாம், உங்கள் குரலே போதும். நோய், சர்க்கரை, எடை குறைவது பற்றி எதுவும் சொல்ல வேண்டாம். ருசி பிடிக்காவிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், போட வேண்டியதில்லை. போடும் முன் ஒரு தடவை காட்டுங்கள், தகவல் பிழை இருந்தால் மட்டும் சொல்வோம். விளம்பரம் என்று தெளிவாகப் போட வேண்டும். வீடியோவை 60 நாள் எங்கள் விளம்பரமாகக் காட்ட அனுமதி. பாதி முன்பணம், மீதி போட்ட அன்று. ஏழாம் நாள் இன்சைட்ஸ் பக்கத்தை ஸ்கிரீன் ரெக்கார்டிங்காக அனுப்பவும்."

முதல் சுற்றில் கையைக் கட்டிப்போட்டவை எல்லாம் இதில் வரிவரியாக வந்துவிட்டன. தேதி, பாட்டு, பேசக் கூடாதவை, வீடியோவைப் பயன்படுத்தும் உரிமை என நான்கும் கட்டணத்தால் கிடைத்தவை. ஜூன் முதல் வாரம் என்று வைத்ததற்குக் காரணம் பள்ளி திறப்பு. டிபன் பாக்ஸுக்கு என்ன வைப்பது என்று வீடுகளில் யோசிக்கும் நேரம் அது. ருசி பற்றி என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுக்காததும் யோசித்துச் செய்தது. எழுதிக் கொடுத்ததை ஒப்பித்தால் பார்ப்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

விளம்பரம் என்று போடச் சொன்னதற்கு மட்டும் தம்பதி தயங்கினார்கள். போட்டால் ரீச் குறையும் என்பது அவர்கள் பயம். ஆனால் இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. இந்திய விளம்பரத் தர மன்றத்தின் விதிமுறை 2021 ஜூன் 14 முதல் நடப்பில் இருக்கிறது. நுகர்வோர் விவகாரத் துறையும் 2023 ஜனவரியில் வழிகாட்டி வெளியிட்டது. காசு கை மாறினால்தான் சொல்ல வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இலவசப் பொருளும் இதில் சேரும். முதல் சுற்றில் பெட்டி வாங்கிப் பேசியவர்களும் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்வதும் பார்ப்பவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும், கடைசி ஹாஷ்டேக்கில் ஒளிந்திருக்கக் கூடாது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் வரலாம், அது பிராண்டுக்கும் வரும், பேசியவருக்கும் வரும்.

வரி விஷயத்தில் பொடிப் பெட்டிக்குப் பிரச்சினை இல்லை. விலையுயர்ந்த பொருள் கொடுப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும். ஒருவருக்கு ஓர் ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் பொருளாகவோ சலுகையாகவோ கொடுத்தால் 10 சதவீதம் வரிப் பிடித்தம் உண்டு என்ற விதி 2022 ஜூலை 1 முதல் வந்தது. தனிநபராகத் தொழில் செய்பவரின் விற்றுமுதல் முந்தைய ஆண்டில் ஒரு கோடி ரூபாயைத் தாண்டாவிட்டால் அவர் பிடிக்க வேண்டியதில்லை. பொருளைப் படம் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அது சலுகையாகக் கணக்காகாது, வைத்துக்கொண்டால் ஆகும்.

வந்தது என்ன

மதியச் சாப்பாட்டுப் பெண்ணால் 41 ஆர்டர். மதுரைத் தம்பதியால் 22. யூடியூப் இல்லத்தரசியால் 18, அதுவும் மெதுவாக, மூன்று மாதத்தில் ஒவ்வொன்றாக. ஓட்டல்காரரால் 9.

ஓட்டல்காரரின் ரீலைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள், சுமார் 90,000 பேர். போட்ட அன்று இரவு இளையவர் ஃபோனைக் கையிலேயே வைத்திருந்தார். ஆர்டர் வரவில்லை. பிறகு வந்த இன்சைட்ஸைப் பார்த்தபோது காரணம் புரிந்தது. பார்த்தவர்களில் பெரும்பகுதி 18 முதல் 24 வயது ஆண்கள், சென்னையிலும் பெங்களூரிலும் இருப்பவர்கள். இந்த வாரம் எங்கே போய்ச் சாப்பிடலாம் என்று அறிய அவரைப் பின்தொடர்பவர்கள். அவர்களில் பலர் விடுதியில் இருப்பவர்கள், பொடி வாங்கி வீட்டில் வைத்துச் சாப்பிடும் ஆட்கள் இல்லை. அவர் வேலையில் குறை எதுவும் இல்லை, வீடியோ அருமையாகவே இருந்தது. பிரியாணிக் கடை ஒன்று அதே 12,000 ரூபாயைக் கொடுத்திருந்தால் லாபம் பார்த்திருக்கலாம். வயதும் ஊரும் அடங்கிய அந்தப் பக்கத்தைப் பணம் கொடுக்கும் முன்பே கேட்டு வாங்கியிருக்க முடியும். இப்போது சகோதரிகள் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், அதை எளிதில் மாற்றலாம், திரையைப் பதிவுசெய்து அனுப்புங்கள் என்கிறார்கள்.

மூன்று மாதத்தில் அந்த 90 பேரில் 27 பேர் மறுபடி வாங்கினார்கள். அதில் 15 பேர் மதியச் சாப்பாட்டுப் பெண்ணால் வந்தவர்கள். கூடவே அவருடைய வீடியோவையே, அவர் அனுமதியோடு, அவர் பெயரிலும் பிராண்டின் பெயரிலும் சேர்ந்து தெரியும் பார்ட்னர்ஷிப் விளம்பரமாக ஓட்டினோம். திண்டுக்கல், மதுரை, கரூர் பக்கம் மட்டும் தெரியும்படி 5,000 ரூபாய் செலவில் 48 ஆர்டர் வந்தது. 60 நாள் அனுமதி என்ற அந்த ஒரு வரி இல்லாவிட்டால் இந்த 48 இல்லை.

நான்கு பேருக்கும் அனுப்பிய பெட்டிகளின் செலவு உட்பட எல்லாம் கூட்டிக் கழித்தால், மறு ஆர்டரும் விளம்பரமும் சேர்த்த பிறகும், கட்டணச் சுற்றில் 4,720 ரூபாய் நஷ்டம். கேட்டதும் மூத்தவரின் முகம் வாடிவிட்டது. ஆனால் ஆள்வாரியாகப் பிரித்துப் பார்த்தால் படம் வேறு. ஓட்டல்காரர் ஒருவரிடம் மட்டும் போனது 10,520 ரூபாய். அவர் இல்லாதிருந்தால் மொத்தச் சுற்றும் 5,800 ரூபாய் லாபத்தில் முடிந்திருக்கும். தம்பதியில் சுமார் இரண்டாயிரம் நஷ்டம், யூடியூபில் சில நூறு லாபம், மதியச் சாப்பாட்டுப் பெண்ணில் 4,680 லாபம், அவர் வீடியோவை வைத்து ஓட்டிய விளம்பரத்தில் மேலும் 2,680. "கிரியேட்டருக்குக் காசு கொடுத்துப் பார்த்தோம், சரிவரவில்லை" என்று சொல்லும் சிறு வியாபாரிகள் பலரும் இப்படி ஆள்வாரியாகப் பிரிக்காமல் மொத்தத்தை மட்டும் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்துக் கொடுத்ததே இலவசச் சுற்றுதான். இருபது பெட்டிக்கான 5,600 ரூபாயை விளம்பரச் செலவாகப் பார்த்தால் நஷ்டம். ருசி பார்க்கவும் ஆள் தேடவும் செலவழித்ததாகப் பார்த்தால், ஓட்டல்காரருக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை.

இப்போது

இலவசப் பெட்டிகள் இப்போதும் போகின்றன, ஆனால் குறைவாக, புதிய பொடி வரும்போது மட்டும். போகும் செய்தியும் மாறிவிட்டது. "போட வேண்டாம். ருசி எப்படி இருக்கு, பெட்டி எப்படி வந்து சேர்ந்தது என்று மட்டும் சொல்லுங்க." பூண்டுப் பொடிக்கு இப்படித்தான் அனுப்பினார்கள். கேட்காமலேயே இரண்டு பேர் ஸ்டோரி போட்டார்கள், இலவசமாகக் கிடைத்தது என்ற குறிப்போடு.

கட்டணம் மதியச் சாப்பாட்டுப் பெண்ணுக்கும் யூடியூப் இல்லத்தரசிக்கும் மட்டும் தொடர்கிறது. தம்பதியிடம் பாதிக் கட்டணமும் ஆர்டருக்கு ஒரு தொகையும் என்று பேசிப் பார்த்தார்கள், அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. எத்தனை ஆர்டர் வந்தது என்று நீங்கள் சொல்வதைத்தானே நாங்கள் நம்ப வேண்டும் என்றார்கள். அது சரியான கேள்வி. கமிஷன் மட்டும் தருகிறேன் என்று பேசும் எல்லா பிராண்டும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

மதியச் சாப்பாட்டுப் பெண்ணுக்கு இப்போது ஃபாலோயர் கூடிவிட்டது, அடுத்த ரீலுக்கு 7,000 கேட்டார். 41 ஆர்டர் மறுபடி வந்தாலும் முதல் விற்பனையில் மிஞ்சுவது 6,560 தான். மறு ஆர்டரையும் சேர்த்தால் 7,000 தாங்கும், ஆனால் அடுத்த தடவையும் அத்தனை வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஏற்கனவே வாங்கியவர்கள்தானே மறுபடி பார்க்கப் போகிறார்கள். கடைசியில் 6,000 ரூபாய் நிலையான கட்டணம், 40 ஆர்டருக்கு மேல் வரும் ஒவ்வொன்றுக்கும் 30 ரூபாய் என்று முடிந்தது. ஆர்டர் குறிக்கும் நோட்டின் படத்தை, வாடிக்கையாளர் பெயர்களை மறைத்து, வாரம் ஒரு தடவை அவருக்கு அனுப்புவதாக மூத்தவரே முன்வந்து சொன்னார்.